வீடு முடியும் முன் கட்டும் வட்டி வீண் காசா? ப்ரீ-இஎம்ஐ, முழு இஎம்ஐ: ஒரு கணக்கு

கேள்வி: சொந்த மனையில் வீடு கட்ட 30 லட்சம் லோன் சாங்ஷன் ஆகியிருக்கு. 20 வருஷம், 8.4%, ஃப்ளோட்டிங். பேஸ்மென்ட் முடிஞ்சு ஏப்ரல்ல 6 லட்சம் கொடுத்தாங்க. ஜூலைல 9, நவம்பர்ல 9, அடுத்த ஏப்ரல்ல கடைசி 6 லட்சம் வாங்குறதா திட்டம். இப்போ மாசம் 4,200 ரூபா ப்ரீ-இஎம்ஐ கட்டினா போதும்னு சொல்றாங்க. மாமனார் "அது வீண் காசு, அசல்ல ஒரு ரூபா குறையாது"ங்கிறார். பேங்க்லயும் "இப்பவே முழு இஎம்ஐ போடுங்க, ஏழு லட்சம் கிட்ட மிச்சம்"னு ஒரு பேப்பர் காட்டினாங்க. வாடகை வேற 11,000 போகுது. எதை எடுக்கலாம்? இந்த வட்டியை வருமான வரில காட்ட முடியுமா?

பதில்:

உங்கள் நிலைமைக்கு ப்ரீ-இஎம்ஐ போதும். ஒரே நிபந்தனை: முழு இஎம்ஐக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மாதாமாதம் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். மாமனார் சொல்வதும் பேங்க் பேப்பரில் இருப்பதும் பொய்யில்லை. ஆனால் இரண்டிலும் பாதிக் கதைதான் இருக்கிறது.

முதலில் அந்த 4,200 எப்படி வந்தது என்று பார்ப்போம். வருடத்துக்கு 8.4% என்றால் மாதத்துக்கு 0.7%. அதாவது வங்கி உங்களுக்கு விடுவித்த ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதம் 700 ரூபாய். சாங்ஷன் ஆன 30 லட்சத்துக்கு வட்டி இல்லை, கைக்கு வந்த 6 லட்சத்துக்கு மட்டும்தான். ஜூலையில் 15 லட்சம் ஆனதும் மாதம் 10,500. நவம்பரில் 24 லட்சம் ஆனதும் 16,800. கணக்கு எளிதாக இருக்க, ஒவ்வொரு தவணையும் மாதம் 1ஆம் தேதி வருவதாக வைத்துக்கொள்கிறேன். முதல் மூன்று மாதம் 12,600, அடுத்த நான்கு மாதம் 42,000, அதற்கடுத்த ஐந்து மாதம் 84,000. ஆக ஒரு வருடத்தில் 1,38,600 ரூபாய் வட்டி. கடைசி 6 லட்சமும் வந்த பிறகு 25,845 ரூபாய் இஎம்ஐ தொடங்கி 240 மாதம் ஓடும். நடுவில் வட்டி விகிதம் ஏறி இறங்கினால் இந்த 700ம் மாறும்.

அந்த 1,38,600 ரூபாயில் அசல் குறையாதது உண்மை. அதற்காக அதை வீண் என்று சொல்ல மாட்டேன். வாங்கிய பணத்துக்கு வட்டி எந்த வழியில் போனாலும் கட்டித்தான் ஆக வேண்டும். முழு இஎம்ஐ கட்டினாலும் அதற்குள் இந்த வட்டி இருக்கத்தான் செய்யும்.

இப்போது பேங்க் பேப்பருக்கு வருகிறேன். ஏப்ரலிலிருந்தே 25,845 கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் மாதம் வட்டிக்கு 4,200 போக, மீதி 21,645 அசலில் கழியும். ஜூலைக்குப் பிறகு வட்டி பெரிதாகி, அசலுக்குப் போவது மாதம் 16,000 அளவுக்கு இறங்கும். நவம்பருக்குப் பிறகு 10,000 அளவு. ஒரு வருடம் முடிந்து கடைசி 6 லட்சத்தையும் வாங்கியதும் பாக்கி 30 லட்சமாக இருக்காது, சுமார் 28.2 லட்சமாக இருக்கும். அதன் மேல் அதே 25,845ஐத் தொடர்ந்தால் இன்னும் 207 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். ப்ரீ-இஎம்ஐ வழியில் மொத்தம் 252 மாதம், இந்த வழியில் 219. 33 மாதம் முன்னாலேயே முடிகிறது. மொத்தமாகக் கட்டும் தொகையில் சுமார் 6.8 லட்சம் குறைகிறது. பேப்பரில் காட்டிய ஏழு லட்சம் இதுதான்.

ஆனால் அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கட்டுமானம் நடக்கும் அந்த ஒரு வருடத்தில் முழு இஎம்ஐ கட்டுபவர் செலுத்தும் வட்டி சுமார் 1,30,400. ப்ரீ-இஎம்ஐ கட்டுபவர் செலுத்துவது 1,38,600. வித்தியாசம் எட்டாயிரத்துச் சொச்சம், அவ்வளவுதான். மற்றதெல்லாம், அந்த வருடத்தில் கூடுதலாகக் கட்டிய 1,71,540 ரூபாய் அசலை முன்கூட்டியே குறைத்ததால் அடுத்த பல வருடங்களில் கிடைக்கும் பலன். அதாவது முழு இஎம்ஐ என்பது இங்கே வேறொன்றுமில்லை, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் முன்செலுத்துதல்.

அதே 1,71,540 ரூபாயை நீங்கள் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருந்து, வீடு முடிந்து முழு இஎம்ஐ தொடங்கும் நாளில் மொத்தமாக அசலில் கட்டினால் என்ன ஆகும்? பாக்கி 28.28 லட்சம் ஆகும். அதற்கு 208 மாதத்துக்குச் சற்று மேல். முதல் வழியோடு ஒப்பிட்டால் ஒன்றரை மாதம்கூடத் தள்ளிப்போகாது. சேமிப்புக் கணக்கு வட்டியைக்கூட இதில் நான் சேர்க்கவில்லை. தனிநபர் பெயரில் உள்ள ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனில் முன்செலுத்தினால் அபராதம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக ஏழு லட்சமும் உங்களை விட்டு எங்கும் போய்விடவில்லை. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். மொத்தமாகக் கட்டும்போது "இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். சொல்லாவிட்டால் சில கிளைகளில் இஎம்ஐயைக் குறைத்துவிட்டுக் காலத்தை அப்படியே 240 மாதமாக விட்டுவிடுவார்கள். அப்போது மிச்சம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

அப்படியானால் பணத்தை ஏன் கையில் வைத்திருக்கச் சொல்கிறேன்? நீங்கள் வீடு கட்டுகிறீர்கள் என்பதால்தான். எஸ்டிமேட்டுக்குள் முடிந்த தனி வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. அதோடு வங்கி பணம் கொடுப்பது வேலை முடிந்த பிறகு. ரூஃப் கான்கிரீட் போட்டு, என்ஜினியர் ஸ்டேஜ் சான்றிதழ் கொடுத்து, வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் அந்தத் தவணை கணக்கில் விழும். கம்பிக்கும் சென்ட்ரிங்குக்கும் மேஸ்திரிக்கும் அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப உங்கள் பணம்தான் சுழல வேண்டும். வாடகை 11,000, முழு இஎம்ஐ 25,845, இரண்டும் சேர்ந்து மாதம் 36,845 போய்விட்டால், டைல்ஸ் கட்டத்தில் ஒன்றரை லட்சம் இடிக்கும்போது தனிநபர் கடனுக்கோ நகைக் கடனுக்கோ ஓட வேண்டியிருக்கும். 8.4% கடனை அடைக்க அவசரப்பட்டு, அதைவிட அதிக வட்டிக்கு வெளியில் வாங்குவதில் என்ன லாபம்? வீட்டுக் கடனில் உள்ளே போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது, ஓவர்டிராஃப்ட் வகைக் கடன் இல்லாத வரை, லேசில் நடக்காது.

முழு இஎம்ஐயை நான் யாருக்குச் சொல்வேன் என்றால், வாடகை இல்லாமல் அப்பா வீட்டில் இருப்பவருக்கு, கட்டுமானத்துக்கான சொந்தப் பங்கை ஏற்கெனவே தனியாக எடுத்து வைத்தவருக்கு. இன்னொருவருக்கும் சொல்வேன்: கையில் பணம் இருந்தால் மாடுலர் கிச்சனாகவும் ஃபால்ஸ் சீலிங்காகவும் மாறிவிடும் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவருக்கு. அப்படித் தேர்ந்தெடுத்தாலும், "முழு இஎம்ஐ" என்று உங்கள் வங்கி எதைச் சொல்கிறது என்று கேளுங்கள். சில இடங்களில் மொத்த 30 லட்சத்துக்கான 25,845ஐ முதல் மாதத்திலிருந்தே எடுப்பார்கள். வேறு சில இடங்களில் விடுவித்த தொகைக்கு மட்டும் இஎம்ஐ போடுவார்கள். 6 லட்சத்துக்கு அது 5,169 ரூபாய், அதில் அசலுக்குப் போவது 969 ரூபாய்தான். இரண்டாவது வகையில் மேலே சொன்ன 33 மாதக் கணக்கு பொருந்தாது.

சாங்ஷன் லெட்டரில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, கட்டுமானக் காலத்தில் வட்டியை மாதாமாதம் வசூலிப்பார்களா, இல்லை அசலில் சேர்ப்பார்களா என்பது. சில வங்கிகளில் மொரட்டோரியம் என்ற பெயரில் இந்தக் காலத்தில் எதுவும் கட்ட வேண்டாம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 1,38,600 ரூபாய் அசலோடு சேர்ந்தால் இஎம்ஐ மாதம் ஏறத்தாழ 1,200 ரூபாய் கூடும். 20 வருடத்துக்கு அது சுமார் 2.87 லட்சம். ஒரு வருடம் கட்டாமல் விட்டதற்கு இரண்டு மடங்குக்கு மேல் திரும்பக் கட்டுகிறீர்கள். மாதாமாதம் கட்ட வசதி இருந்தால் கட்டிவிடுவதாக எழுதிக் கொடுங்கள். இரண்டாவது, ப்ரீ-இஎம்ஐ காலத்துக்கு வரம்பு எத்தனை மாதம் என்பது. முதல் தவணை தேதியிலிருந்து இத்தனை மாதம், அல்லது வீடு முடியும் நாள், எது முந்தியோ அது என்று பெரும்பாலும் இருக்கும். வரம்பு முடிந்தால் வீடு பாதியில் நின்றாலும் முழு இஎம்ஐ தொடங்கிவிடும், வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும்.

தவணை வந்த மாதத்தின் வட்டியை மட்டும் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். நவம்பர் 20ஆம் தேதி 9 லட்சம் கணக்குக்கு வந்தது என்றால், அந்த 9 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 207 ரூபாய். மாத முடிவு வரை 11 நாளுக்குச் சுமார் 2,280. அந்த மாத ஸ்டேட்மென்டில் புதிய தவணைக்கு மட்டும் 6,300 ஏறியிருந்தால் முழு மாதத்துக்கும் போட்டுவிட்டார்கள் என்று பொருள். இது கற்பனையான சந்தேகம் இல்லை. பணம் கொடுத்த நாளுக்குப் பதில் சாங்ஷன் தேதியிலிருந்து, அல்லது ஒப்பந்தத் தேதியிலிருந்து வட்டி போடுவது, காசோலையைப் பல நாள் கழித்துக் கொடுத்துவிட்டு அதன் தேதியிலிருந்து வட்டி எடுப்பது, பாதி மாதத்துக்கு முழு மாத வட்டி எடுப்பது, இவையெல்லாம் ஆய்வில் தெரியவந்ததாக ரிசர்வ் வங்கியே 2024 ஏப்ரல் 29 தேதியிட்ட சுற்றறிக்கையில் சொன்னது. கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் அதில் சொல்லியிருந்தது. அந்தத் தேதியைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போட்டாலே பெரும்பாலும் வேலை நடக்கும்.

இனி, பணம் நிஜமாகவே எங்கே கரைகிறது என்பதற்கு வருவோம். ப்ரீ-இஎம்ஐயா முழு இஎம்ஐயா என்பதைவிட உங்கள் பையைப் பாதிப்பது தாமதம், அதுவும் கடைசிக் கட்டத்துத் தாமதம். பேஸ்மென்டோடு ஒரு மாதம் வேலை நின்றால் வட்டியில் 4,200 ரூபாய்தான் நஷ்டம். பூச்சு முடிந்து 24 லட்சம் கைக்கு வந்த பிறகு டைல்ஸ் ஆள் ஒரு மாதம் வராமல் இழுத்தடித்தால் 16,800. இரண்டிலும் 11,000 வாடகை தனி. ஆறு மாதம் இழுத்தால் வட்டி மட்டும் 1,00,800. ஆடி மாதம் வேலை தொடங்க மாட்டேன் என்பார்கள், ஐப்பசி மழையில் வெளிப்பூச்சு நிற்கும். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே. நாள் தள்ளிப்போக வேண்டியிருந்தால் அது தவணை குறைவாக இருக்கும் ஆரம்பக் கட்டத்திலேயே நடப்பது நல்லது. கதவு, ஜன்னல், டைல்ஸ், எலக்ட்ரிக்கல் ஆட்களைப் பூச்சு நடக்கும்போதே பேசி அட்வான்ஸ் கொடுத்து நிறுத்திவையுங்கள். அதேபோல, கட்டம் முடிந்துவிட்டது என்பதற்காகவே அடுத்த தவணையை வாங்கிக் கணக்கில் தூங்கவிடாதீர்கள். 9 லட்சம் சும்மா கிடந்தால் வாரத்துக்கு 1,450 ரூபாய்.

கிரகப்பிரவேசம் முடித்துக் குடிபோன பிறகு வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். காம்பவுண்ட் சுவர், கார் போர்ட்டிகோ கிரில் என்று ஏதோ பாக்கி. கடைசித் தவணையில் இரண்டு லட்சத்தை வாங்காமல் விட்டிருப்பீர்கள். வங்கியின் கணினிக்கு உங்கள் கடன் இன்னும் முழுதாக விடுவிக்கப்படாத கடன். அதனால் வரம்பு முடியும் வரை ப்ரீ-இஎம்ஐயே ஓடிக்கொண்டிருக்கும். மாதம் கட்டுவது குறைவாக இருப்பதால் யாரும் கேட்கவும் மாட்டார்கள், வருடம் போனாலும் அசல் அசையாது. மீதி தேவையில்லை என்று முடிவானதும், "விடுவிக்காத தொகையை ரத்து செய்து, விடுவித்த தொகைக்கு இஎம்ஐ தொடங்கவும்" என்று கடிதம் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரி பற்றிக் கேட்டீர்கள். புதிய வரி முறையில் இருந்தால், நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக்கு எந்தக் கழிவும் கிடையாது, ப்ரீ-இஎம்ஐக்கும் இல்லை. அங்கேயே விஷயம் முடிந்தது. பழைய முறையில் இருந்தால் வருடத்துக்கு 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். ஆனால் வீடு முடிந்த நிதியாண்டிலிருந்துதான். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் வீடு முடிந்திருக்கவும் வேண்டும். இல்லையென்றால் 2 லட்சம் 30,000 ஆகிவிடும். வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை கட்டிய வட்டி கட்டுமானத்துக்கு முந்தைய வட்டி. அதை ஐந்து சம பங்காகப் பிரித்து, வீடு முடிந்த வருடத்திலிருந்து ஐந்து வருடம் காட்டலாம்.

உங்கள் திட்டப்படி வீடு அடுத்த ஏப்ரலில் முடிகிறது. அப்போது 1,38,600ஐ ஐந்தாகப் பிரித்தால் வருடத்துக்கு 27,720. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த 27,720ம் அதே 2 லட்ச வரம்புக்குள்தான் அடங்க வேண்டும். 30 லட்சம் கடனில் முதல் வருட இஎம்ஐயில் உள்ள வட்டி மட்டுமே 2.5 லட்சத்தை நெருங்கும், வரம்பு அதிலேயே நிரம்பிவிடும். இதே வட்டி விகிதத்தில் ஆண்டு வட்டி 2 லட்சத்துக்குக் கீழே இறங்க ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஐந்து பங்கும் காலாவதி. ஆக தனி ஒருவர் பெயரில் இருந்தால் உங்கள் ப்ரீ-இஎம்ஐக்கு வரிச் சலுகை காகிதத்தில் மட்டும்தான்.

அதே வீடு ஒரு மாதம் முன்னதாக, மார்ச் 31க்குள் நிஜமாகவே முடிந்துவிட்டால் கதை வேறு. அப்போது அந்த வருடம் கட்டிய வட்டி முழுவதும் வீடு முடிந்த வருடத்தின் வட்டி, ஐந்தாகப் பிரிக்கும் பேச்சே இல்லை. 1,38,600ம் 2 லட்சத்துக்குள் இருப்பதால் ஒரே வருடத்தில் முழுதாகக் கழியும். 20% வரி வரம்பில் இருப்பவருக்கு அது சுமார் 28,800 ரூபாய். அதனால் ஃபினிஷிங் வேலையை மார்ச்சுக்குள் முடிக்க மேஸ்திரிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. முடிந்ததற்கு ஆதாரமாக என்ஜினியர் சான்று, சொத்து வரி விதிப்பு, மின் இணைப்பு போன்றவற்றின் தேதி பேச வேண்டும். வாயால் சொன்னால் ஆகாது.

முழு இஎம்ஐயைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அசலுக்கான 1.5 லட்ச வரம்புக் கழிவை வீடு முடியும் முன் கட்டிய அசலுக்குப் பொதுவாக ஏற்பதில்லை, வட்டியைப் போல ஐந்தாகப் பிரித்துப் பிறகு காட்டவும் வழியில்லை. ப்ரீ-இஎம்ஐ கட்டி, வித்தியாசத்தை வீடு முடிந்த பிறகு மொத்தமாகக் கட்டுபவருக்கு அந்தத் தொகையை அந்த வருட அசலாகக் காட்ட முடியும், பிஎஃப், எல்ஐசி போக வரம்பில் இடம் இருந்தால்.

உங்கள் மனைவியும் சம்பாதிக்கிறார், மனைப் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்கிறது, கடனிலும் இருக்கிறார், அவர் கணக்கிலிருந்தும் தவணை போகிறது என்றால் ஆளுக்கு 2 லட்சம் வரம்பு தனித்தனியாகக் கிடைக்கும். அப்போது வருட வட்டி 2.5 லட்சத்தோடு இந்த 27,720ம் சேர்ந்து இருவர் வரம்புக்குள்ளும் அடங்கிவிடும், ஐந்து பங்கும் உருப்படியாகப் பயன்படும். பத்திரத்தில் அவர் பெயர் இல்லாமல் கடனில் மட்டும் சேர்த்திருந்தால் அவருக்குக் கழிவு கிடையாது. இதற்காக இப்போது பாதி மனையை அவர் பெயருக்குச் சும்மா எழுதி வைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். ஈடு வாங்காமல் மனைவிக்குக் கொடுத்த வீட்டுச் சொத்துக்கு வரிச் சட்டம் உங்களையே உரிமையாளராகக் கருதும். மூலப் பத்திரமும் இப்போது வங்கியிடம்தான் இருக்கிறது.